பட்டுச்சேலையில் ஏன் கலர் உடைகிறது?

செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி அடிவாரத்துக் கல்யாண மகால் பக்கம் எடுத்த திருமணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணப்பெண் அரக்கு நிறப் பட்டில் நிற்கிறாள், பின்னால் கருங்கல் பாறைகள். கணினியில் படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு உற்றுப் பாருங்கள். பாறையில் ஒரு குறையும் தெரியாது. சேலை மடிப்பில் மட்டும் பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருக்கும், கன்னத்தில் செம்மையும் பச்சையுமாகத் திட்டுகள் கிளம்பியிருக்கும். ஆல்பம் வடிவமைப்பவர்கள் இதை "கலர் உடைஞ்சிருச்சு" என்பார்கள். ஒரே கோப்பு, ஒரே திருத்தம். பாறை தப்பித்தது, பட்டும் முகமும் மாட்டிக்கொண்டன.

8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான் உண்டு. படிகளுக்கு நடுவே எதுவும் இல்லை. கருங்கல்லின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அதில் அடுத்தடுத்த புள்ளிகளின் மதிப்பு 92, 117, 80 என்று துள்ளும். அந்தத் துள்ளலில் இரண்டு மூன்று படிகள் விடுபட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. பட்டு மடிப்பில் நிலைமை வேறு. 61, 61, 61, 62, 62, 62 என்று மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தை நான்கு மடங்கு இழுத்தால் 62 வர வேண்டிய இடத்தில் நான்கு படி தள்ளிய மதிப்பு வந்து நிற்கும். மாற்றம் நடக்கும் இடம் தொடர்ச்சியான கோடாக இருப்பதால் கண் அதைப் பிடித்துவிடும். பிடிப்பதோடு விடுவதுமில்லை. ஒளி மாறும் எல்லையில் உண்மையில் உள்ளதைவிடக் கூர்மையான கோட்டை நம் பார்வை உண்டாக்கிக் காட்டுகிறது என்று எர்ன்ஸ்ட் மாக் 1865-இலேயே விளக்கியிருக்கிறார்.

பட்டை விழுவதற்குக் காரணம் அது. திட்டுக்குக் காரணம் வேறு. இரண்டையும் ஒரே கோளாறு என்று நினைத்து ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் பல படங்கள் மேலும் கெடுகின்றன.

ஜேபெக் வடிவம் படத்தை முதலில் வெளிச்சம், நிறம் என்று பிரித்துவிடுகிறது. வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொள்கிறது. நிறத்தையோ, செல்பேசிப் படங்களில் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வைக்கிறது. பிறகு இரண்டையும் எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டலாக எழுதி, நுணுக்கமான அலைகளைத் தோராயமாக்கிச் சுருக்குகிறது. இந்த அலைக் கணக்கை 1974 ஜனவரியில் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமதுவும் அவருடன் டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரும். உலகமெங்கும் தினமும் அனுப்பப்படும் திருமணப் படங்கள் எல்லாம் இவர்கள் கணக்கின் மேல்தான் போய் வருகின்றன.

நிறத்துக்குத் தோராயம் அதிகம், ஏனென்றால் நிறத்தின் நுணுக்கத்தைக் கண் பெரிதாகக் கவனிப்பதில்லை. திருத்தாதவரை இது நல்ல ஏற்பாடு. திருத்தத் தொடங்கினால்தான் சிக்கல். நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்பதால், எட்டுக்கு எட்டான ஒரு நிறக் கட்டம் படத்தில் பதினாறுக்குப் பதினாறு புள்ளிகளை மூடுகிறது. நிறச்செறிவைக் கூட்டும்போது இந்தக் கட்டங்களுக்கு இடையிலான சிறு வேறுபாடும் சேர்ந்து பெரிதாகிறது. கன்னத்தில் தெரியும் திட்டு இதுதான். 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்: மங்கலான சதுரங்கள் தெரிந்து, ஒன்றின் பக்கம் சுமார் 16 புள்ளி இருந்தால் அது நிறத் திட்டு. மடிப்பின் வளைவை ஒட்டி ஓடும் கோடாக இருந்தால் அது பட்டை.

இனி நம் படத்துக்கு வருவோம். அரக்குச் சேலையைக் கிளிப்பச்சை ஆக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று வைப்போம். இப்படிப்பட்ட ஒரு மடிப்பில் நிழலிலிருந்து மேடுவரை சிவப்பு 60-இலிருந்து 110 வரை ஏறும். பச்சை 8-இலிருந்து 20 வரைதான், நீலம் 12-இலிருந்து 26 வரைதான். பலர் செய்வது போல Hue/Saturation திறந்து நிறத்தைச் சுற்றிவிட்டால், பழைய நிறத் திட்டுகள் அத்தனையும் அரக்கிலிருந்து பச்சைக்கு அப்படியே குடிபெயரும். செறிவையும் கூட்டினால் பெரிதாகியும் விடும். அந்த வழி வேண்டாம்.

பழைய நிறத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, புது நிறத்தை மேலே போட வேண்டும். ஃபோட்டோஷாப்பில் சேலைக்கு மாஸ்க் போட்டு, Solid Color லேயர் ஒன்றை Color முறையில் வைத்தால் அதுதான் நடக்கும். கீழே இருந்த நிறம் போய்விடுவதால் அதிலிருந்த திட்டுகளும் பெரும்பாலும் போய்விடும். ஜரிகையை மாஸ்க்குக்கு வெளியே விட்டுவிடுங்கள். மேட்டில் பட்டின் நிறம் சற்று வெளுத்துத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் போல ஆகிவிடும். அங்கே மட்டும் வெளிர் பச்சையில் இன்னொரு லேயரை மென்மையாகப் போட்டால் போதும்.

பட்டை இன்னும் தீரவில்லை. அரக்கு இருண்ட நிறம், கிளிப்பச்சை வெளிச்சமானது. வெளிச்சத்தின் மதிப்பு சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 சேர்ந்தது. நம் மடிப்புக்குக் கணக்குப் போட்டால் 24-இலிருந்து 48 வரை வருகிறது. இதை Curves லேயரில், Luminosity முறையில் வைத்து, 40-இலிருந்து 136 வரை இழுக்கிறோம். நான்கு மடங்கு. 8 பிட்டிலேயே செய்தால் ஒவ்வொரு படியும் நான்கு படியாகத் தாவும், பட்டை நிச்சயம்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் Image > Mode > 16 Bits/Channel போக வேண்டும். இதனால் படத்தில் இல்லாத நுணுக்கம் புதிதாக வந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் இடையில் வரும் பின்னங்கள் காப்பாற்றப்படும். பச்சையும் நீலமும் 8, 12 என்று நிலையாக இருக்க, சிவப்பு 60 என்றால் வெளிச்சம் 24.0, 61 என்றால் 24.3, 62 என்றால் 24.6, 63 என்றால் 24.9. எட்டு பிட்டில் முதல் இரண்டும் 24 ஆகச் சுருங்கும், அடுத்த இரண்டும் 25 ஆகும். பதினாறு பிட்டில் நான்கும் தனித்தனியாகவே நிற்கும். சிவப்பில் இருந்த ஐம்பது சொச்சம் படிகள் அப்படியே கிடைப்பதால் தாவல் பாதியாகக் குறையும். முதலில் 8 பிட்டில் திருத்திவிட்டுக் கடைசியில் 16-க்கு மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை, பின்னம் அதற்குள் தொலைந்திருக்கும்.

மீதிப் பாதித் தாவலுக்கு மருந்து பாறையிடம் இருக்கிறது: சொரசொரப்பு. 1962-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் வெளியிட்ட கட்டுரை ஒன்று, மதிப்பை முழு எண்ணாக்கும் முன் சிறிது தற்செயல் இரைச்சலைச் சேர்த்தால் பட்டை மறையும் என்று காட்டியது. இருக்க வேண்டிய மதிப்பு 100.3 என்றால், வெறுமனே முழு எண்ணாக்கும்போது அந்த இடம் முழுக்க 100 ஆகிவிடும். ஒரு படி அகலத்துக்கு இரைச்சல் சேர்த்துவிட்டு முழு எண்ணாக்கினால் பத்தில் ஏழு புள்ளி 100 ஆகவும், மூன்று புள்ளி 101 ஆகவும் சிதறும். கண் அவற்றைச் சேர்த்து 100.3 என்றே பார்க்கும். ஆகவே திருத்தம் எல்லாம் முடிந்தபின், 16 பிட்டிலேயே, எல்லா லேயரையும் சேர்த்த நகல் ஒன்றில் Filter > Noise > Add Noise கொடுங்கள். Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்தெடுத்து 1 முதல் 2 சதவீதம் வையுங்கள். சேலைக்கும் தோலுக்கும் மட்டும் மாஸ்க் போதும். Monochromatic அவசியம். நிற இரைச்சல் சேர்த்தால் ஜேபெக் சேமிப்பு அதைச் சதுரமாக்கி மறுபடியும் திட்டாகத் தந்துவிடும். கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு Image > Precision பட்டியலில் 16 பிட் உண்டு, 8-க்குத் திரும்பும்போது இரைச்சல் சிதறலை அதுவே கேட்டுச் செய்யும்.

இவ்வளவும் செய்து கடைசி நிமிடத்தில் கோட்டைவிடுவது சேமிக்கும்போதுதான். மெல்லிய இரைச்சல் என்பது நுணுக்கமான அலை, ஜேபெக் முதலில் தூக்கி எறிவதும் அதைத்தான். தரம் 6 என்று சேமித்தால் இரைச்சல் போய்ப் பட்டை திரும்பி வரும். ஃபோட்டோஷாப்பின் Save As சேமிப்பில் 6 வரை நிறம் நான்குக்கு ஒன்றாகக் குறைக்கப்படுகிறது, 7 முதல் குறைக்கப்படுவதில்லை. அச்சுக்கு 11 அல்லது 12 வையுங்கள். வேலை நடக்கும்போது PSD அல்லது TIFF கோப்பாகவே வைத்திருந்து, ஜேபெக்கை முடிவில் ஒரே ஒருமுறை எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும், கோப்பாக அதாவது Document வழியாக அனுப்பினால் சுருக்காது.

தோலுக்கு வருவோம். முகத்தில் நிறத்தைக் கழற்றி எறிய முடியாது, உதட்டுக்கும் கன்னத்துக்கும் நெற்றிக்கும் நிறம் வெவ்வேறு. அங்கே நிறத்தை மட்டும் மழுக்க வேண்டும். லேயரை நகலெடுத்து, Gaussian Blur 8 புள்ளி அளவுக்குக் கொடுத்து, Color முறையில் வைத்தால் சதுரங்கள் கரைந்துவிடும். வெளிச்சம் கீழிருந்தே வருவதால் தோலின் துளைகளும் மென்மயிரும் கூர்மையாகவே நிற்கும். உதடு, பொட்டு, முடியின் ஓரம் ஆகியவற்றை மாஸ்க்கில் விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த நிறம் தோலில் வழியும். அந்தத் துளைகளைத் தேய்த்து அழிப்பதுதான் பெரும் தவறு. செல்பேசியின் அழகூட்டும் வசதி முதலில் அதைத்தான் செய்கிறது. தோலுக்கு இயற்கையாக இருந்த சொரசொரப்பை எடுத்துவிட்டு வெளிச்சத்தைத் தூக்கினால் பட்டை விழாமல் என்ன செய்யும்? மாநிறப் பெண்ணை வெளுப்பாக்கச் சொல்லிக் கேட்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: மாநிறத்தை அப்படியே விடுங்கள். அந்த முகத்தில் இருக்கும் படிகள் அந்த நிறத்துக்கு உரியவை, இழுத்தால் முதலில் உடைவது அவைதான்.

முடிந்தபின் சோதிக்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயரைச் செங்குத்தாக வைத்து, 100 சதவீத அளவில் பாருங்கள். ஒளிந்திருக்கும் பட்டைகள் வெளிவந்துவிடும். பார்த்தபின் அந்த லேயரை அழித்துவிடலாம். ஹிஸ்டோகிராம் சீப்புப் பல் போல இடைவெளி விட்டு நின்றால் படிகள் குறைந்துவிட்டன என்று அர்த்தம். ஆனால் மலிவான திரைகள் தாமாகவே பட்டை காட்டும். ஐயம் வந்தால் Info பலகத்தைத் திறந்து, கோட்டின் இருபுறமும் எண்ணைப் பாருங்கள். எண் ஒரு படிதான் மாறுகிறது என்றால் குறை படத்தில் இல்லை, திரையில்.

இந்த வழிக்கு எல்லை உண்டு. மடிப்பின் நிழலில் மூன்று எண்ணும் 10-க்குக் கீழே போய்விட்டால் அங்கே இழுக்க எதுவும் மிச்சமில்லை. அரக்கிலிருந்து கரும்பச்சைக்கோ கருநீலத்துக்கோ மாற்றினால் நன்றாக வரும், சந்தன நிறத்துக்கு மாற்றுவது நடக்காத காரியம். அந்த மாதிரி மாற்றத்துக்கு மூலக் கோப்பு வேண்டும். கேமராவின் RAW கோப்பில் ஒரு நிறத்துக்கு 12 பிட் என்றால் 4,096 படி, 14 பிட் என்றால் 16,384 படி. நிக்கானில் NEF, கேனானில் CR2 அல்லது CR3 என்று அதன் பெயர் முடியும். கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே, ஜேபெக்கோடு RAW கோப்பையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆல்பம் கைக்கு வரும்வரை அதை அழிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.