ஆறாயிரம் எங்கே போனது?

கோவையில் தையற்கடை நடத்தும் நாற்பது வயதுக்காரர் ஒருவர், வருமான வரித் தளத்திலிருந்து எடுத்த AIS ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத் திகைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வைப்புத்தொகை வட்டி 60,000 ரூபாய் என்கிறது அது. அவர் பாஸ்புக்கில் வரவானதோ 54,000 தான்.

விடை, அதே அறிக்கையின் டிடிஎஸ் பகுதியில் இருக்கிறது. வங்கி 10 சதவீதம், அதாவது 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் வரவு வைத்திருக்கிறது. கணக்கில் அவர் காட்ட வேண்டிய வருமானம் முழு 60,000. பிடித்த 6,000 அவர் ஏற்கெனவே கட்டிய வரியாகக் கழியும்.

சில நேரம் அதே 60,000, 194A என்ற டிடிஎஸ் வரியிலும் SFT-016 வரியிலும் இரண்டு முறை தெரியும். அதைக் கூட்டி 1,20,000 என்று எழுதிவிடக் கூடாது. வங்கி தரும் வட்டிச் சான்றிதழோடு ஒப்பிட்டு, ஒரே வட்டி என்று உறுதியானால், அந்த வரியின் பின்னூட்டப் பகுதியில் இரட்டைப் பதிவு என்று தெரிவிக்கலாம்.