‘இன்சுலின் போட்டாச்சு’ என்று மட்டும் எழுதினால் போதுமா? - நர்ஸ்களின் ஷிஃப்ட் குறிப்பில் இருக்கவேண்டிய 4 பகுதிகள்

இரவு 8 மணி. பகல் ஷிஃப்ட் நர்ஸ் கிளம்புகிறார். இரவு ஷிஃப்ட் நர்ஸ் பொறுப்பேற்கிறார். ‘பேஷன்ட் நார்மல், இன்சுலின் போட்டாச்சு’ என்று நோட்டில் ஒரு வரி. பொய் இல்லை. ஆனால், உயிருக்கு ஆபத்தான தகவல் ஒன்று அதில் விடுபட்டிருக்கலாம்.

ஓர் உதாரணம். 58 வயதுப் பெண்மணி, சர்க்கரை நோயாளி. காலில் புண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாவது நாள். மாலை 7.30-க்கு, இரவு உணவுக்கு முன்பு போடும் இன்சுலின் ஊசி போடப்பட்டது. 7.45-க்கு வாந்தி எடுத்தவர், ‘சாப்பாடே வேண்டாம்’ என்றுவிட்டார். இந்த வகை இன்சுலின் சுமார் 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சமாக வேலை செய்யும். அதாவது 9.30 முதல் 11.30 வரை சுகர் அபாயகரமாக இறங்கலாம். அப்போது அவர் மயங்கிக் கிடந்தாலும், பார்ப்பவருக்குத் தூங்குவதுபோலவே தெரியும்.

இதைத் தடுக்க உதவுவதுதான் ‘எஸ்பார்’ முறை. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. நோயாளி கைமாறும்போது இதைப் பயன்படுத்தலாம் என 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. அதன்படி அந்தக் குறிப்பு இப்படி இருக்கும்.

இப்போதைய நிலை: 7.30-க்கு இன்சுலின் போட்டது. 7.45-க்கு வாந்தி. இரவு உணவு சாப்பிடவில்லை.

பின்னணி: சர்க்கரை நோய், கால் ஆபரேஷன் 2-ம் நாள், பெனிசிலின் அலர்ஜி.

கணிப்பு: ஊசிக்கு முன் சுகர் 168. இரவில் லோ சுகர் வரும் அபாயம்.

செய்யவேண்டியது: 9, 10, 11, 12 மணிக்கு சுகர் பார்க்கவும். 70-க்குக் கீழே போனால் உடனே டியூட்டி டாக்டரை அழைக்கவும். டாக்டருக்கு 7.55-க்குத் தகவல் சொல்லியாயிற்று. நரம்பு வழி குளுக்கோஸ் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறார்.

பெரும்பாலும் கோட்டைவிடப்படுவது நான்காவது பகுதிதான். ‘கவனமாகப் பார்க்கவும்’ என்று எழுதினால், எதை, எத்தனை மணிக்கு, எந்த அளவு வந்தால் என்ன செய்வது என்று புரியாது. நேரமும் எண்ணும் இருந்தால்தான் அது வேலை. இல்லையென்றால் வெறும் அறிவுரை. டாக்டருக்குச் சொல்லியாயிற்றா என்பதும் அவசியம். இல்லாவிட்டால் ‘அவர் சொல்லியிருப்பார்’ என்று இவரும், ‘இவர் சொல்வார்’ என்று அவரும் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு சிக்கல், முந்தைய ஷிஃப்ட் குறிப்பை அப்படியே பார்த்து எழுதுவது. மதியம் ‘நன்றாகச் சாப்பிட்டார்’ என்று இருந்தது, இரவிலும் அப்படியே தொடரும். எனவே, குறிப்பை நர்ஸ்கள் அறையில் அல்ல, படுக்கை அருகே நின்று இருவரும் சேர்ந்து பார்ப்பதே நல்லது. தொடாத சாப்பாட்டுத் தட்டு அங்கேதான் கண்ணில்படும்.

கடைசியாக, பொறுப்பேற்பவர் தலையாட்டினால் மட்டும் போதாது. ‘9 மணிக்கு முதல் சுகர், 70-க்குக் கீழே என்றால் டாக்டர்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். 9-ஐ 10 என்று எடுத்துக்கொண்டிருந்தால், கொடுத்தவர் வீட்டுக்குப் போகும் முன்பே அது தெரிந்துவிடும்.