மழை சொன்ன ரகசியம்

ஓர் ஊரில் மழை பெய்கிறது, ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். மழையே இல்லாத இன்னோர் ஊரில் அன்று அவருடைய நண்பர் குறைவாக ஓடுகிறார். இருவரையும் இணைப்பது கைப்பேசியில் இருக்கும் ஓட்டச் செயலி மட்டுமே.

எம்.ஐ.டி.யின் சினான் ஆரலும் கிறிஸ்டோஸ் நிக்கோலைடிஸும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்டது. சுமார் 11 லட்சம் பேரின் ஓட்டப் பதிவுகளை அவர்கள் அலசினார்கள். நண்பர்கள் ஒரே மாதிரி ஓடினால், ஒருவரைப் பார்த்து மற்றவர் ஓடுகிறாரா, இயல்பிலேயே ஒத்த குணமா என்று பிரிப்பது கடினம். அந்த முடிச்சை மழை அவிழ்த்தது. அது நண்பரை வீட்டில் உட்கார வைக்கிறது, உங்களைத் தொடுவதில்லை. அப்படியும் உங்கள் ஓட்டம் மாறினால், காரணம் நண்பர்தான். அவர் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓடினால், நீங்கள் சராசரியாக 300 மீட்டர் கூடுதலாக ஓடுகிறீர்கள்.

இதைவிட வியப்பானது, இந்தத் தூண்டுதல் பாயும் திசை. குறைவாக ஓடுபவர் அதிகம் ஓடுபவரை உந்துகிறார். மறுதிசையில் அது நடக்கவில்லை. முன்னால் இருப்பவரைத்தான் பின்னாலிருந்து வரும் காலடி துரத்துகிறது. அளவு மீறும் ஆபத்தும் அவருக்கே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

செயலியில் நம்மைத் துரத்தும் எண் எதை அளக்கிறது? தூரத்தையும் நேரத்தையும், அதாவது புறச்சுமையை. உடல் பட்ட பாடு அகச்சுமை. அதை அளக்க அமெரிக்க உடலியங்கியலாளர் கார்ல் ஃபாஸ்டர் தந்த வழி மிக எளிது. ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 10-க்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். அதை ஓடிய நிமிடங்களால் பெருக்குங்கள். அந்த அரை மணி இடைவெளி முக்கியம். கடைசி நிமிட வேகத்தின் இரைப்பு அடங்கினால்தான் மொத்த ஓட்டத்துக்கும் நியாயமான மதிப்பெண் வரும்.

பெங்களூரிலும் சென்னையிலும் இரு தோழிகள் மே மாதத்தில் 40 நிமிடத்தில் 6 கிலோமீட்டர் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செயலியில் இருவரும் சமம். பெங்களூருக்காரர் 4 போடுகிறார்: சுமை 160. சென்னைக்காரர் 7 போடுகிறார்: 280. புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கும் போக வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது.

தோழிக்கு ஈடாக வாரம் நான்கு நாள் ஓடினால் சென்னைக்காரரின் சுமை 1,120. அவருடைய வழக்கமான வாரம் 700 என்றால், ஒரே தாவலில் 60 சதவீத உயர்வு. இது தொடர்ந்தால் உடல் சொல்லத் தொடங்கும்: காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு பல நாள் வழக்கத்தைவிட உயர்ந்தே நிற்கும், மெதுவான ஓட்டமும் கனக்கும், தூக்கம் கெடும்.

ஆகவே அவர்கள் ஒப்பிட வேண்டியது வேகத்தை அல்ல. இந்த வாரச் சுமையை அவரவர் வழக்கமான வாரத்தால் வகுத்து வரும் எண்ணை. சென்னைக்காரருக்கு இப்போது அது 1.6. அதே நான்கு நாள், அதே 40 நிமிடம், ஆனால் 5 மதிப்பெண் போடும் அளவுக்கு நிதானமாக ஓடினால் வாரச் சுமை 800 ஆகும், எண் 1.1-க்கு இறங்கிவிடும். செயலியில் அவருடைய தூரம் குறைந்து தெரியும். ஓடிய நாட்களின் எண்ணிக்கை மட்டும் தோழிக்குச் சமமாகவே இருக்கும்.