வெடித்த பலூன் எத்தனை துண்டு?

குத்துக்கல்வலசைப் பக்கம் முதல் பிறந்தநாள் வீடு என்றால் இப்போது கேக் வருவதற்கு முன்பே பலூன் வந்துவிடுகிறது. தென்காசிக் கடையில் பாக்கெட்டாக வாங்கி, கைப்பம்பில் ஊதி, சுவரில் வளைவாகக் கட்டிவிடுகிறார்கள். நடுவில் பெரிய பலூன் ஒன்று தொங்கும். அதற்குள் மிட்டாயும் மினுக்குத்தாளும் இருக்கும். கேக் வெட்டியதும் மாமாவோ சித்தப்பாவோ ஊசியால் குத்துவார். பிள்ளைகள் விழுந்தடித்து மிட்டாய் பொறுக்குவார்கள். அந்தத் தரையில் மிட்டாயோடு ரப்பர் துண்டுகளும் கிடக்கின்றன. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் நேரே வாய்க்குத்தான் போகும்.

பலூன் எத்தனை துண்டாக உடையும் என்பது நம் கையில்தான் இருக்கிறது. பாரிஸைச் சேர்ந்த மூலினே, அத்தா-பெதியா என்ற இரு இயற்பியலாளர்கள் பலூன் வெடிப்பதை அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2015இல் ஆய்வாக வெளியிட்டார்கள். அரைகுறையாக ஊதிய பலூனைக் குத்தினால் ஒரே ஒரு விரிசல் ஓடுகிறது. பலூன் ஓரிரண்டு பெரிய துண்டாகக் கிழிந்து விழுகிறது. முட்ட முட்ட ஊதியதைக் குத்தினால் கதை வேறு. ரப்பரில் விரிசல் ஓடும் வேகத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. இழுவிசை மிகுந்து அந்த வரம்பை எட்டும்போது ஒரே விரிசலால் ஆற்றலைத் தணிக்க முடிவதில்லை. அது இரண்டாகப் பிரிகிறது, பிரிந்தது மறுபடியும் பிரிகிறது. முடிவில் பலூன் கீற்றுக் கீற்றாகச் சிதறிவிடுகிறது. சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று யாரோ ஒருவர் இன்னும் நாலு அடி பம்பு அடிப்பாரே, அந்த நாலு அடிதான் பொறுக்க வேண்டிய துண்டுகளைப் பெருக்குகிறது.

சிதறிய கீற்று அப்படியே மெல்லிய சவ்வாக இருந்துவிடுவதில்லை. இழுவிசை போனதும் சுருங்கி, ஊதுவதற்கு முன்பிருந்த தடிமனுக்குக் கிட்டத்தட்டத் திரும்பிவிடுகிறது. அதனால் வாயில் மெல்ல வாகாக, கரையாமல், மிருதுவாக இருக்கிறது. ஆபத்து இந்த மிருதுவில்தான். தொண்டையில் நிலக்கடலை சிக்கினாலும் ஆபத்துதான். ஆனால் அது கெட்டியான பொருள். பக்கத்தில் சிறு இடுக்கு விட்டு நிற்கவும் கூடும். ரப்பர் துண்டு குரல்வளையின் வாயில் படிந்தால் அந்த இடத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, ஈரத்தில் ஒட்டி, முழுவதுமாக மூடிவிடும். பிள்ளை மூச்சை உள்ளிழுக்க முயலும்போது துண்டு இன்னும் இறுக்கமாக உட்காருகிறது. ஒன்றரை வயதில் மூச்சுக்குழாயின் குறுக்களவே சில மில்லிமீட்டர்தான்.

அமெரிக்காவில் 1972 முதல் 1992 வரை உணவல்லாத பொருள்கள் தொண்டையில் அடைத்து இறந்த 449 குழந்தைகளின் பதிவுகளை மருத்துவர்கள் அலசி 1995இல் வெளியிட்டார்கள். அவற்றில் 29 விழுக்காடு பலூனால் நேர்ந்தவை. கோலி, பந்து, பொம்மைப் பாகம் எல்லாவற்றையும் பின்னால் தள்ளி அதுவே முதலிடத்தில் இருந்தது.

சின்னப் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பாகம் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் பொம்மையில் இருக்கக் கூடாது. பலூனுக்கு இந்த அளவுகோல் பயன்படாது. கடையில் விற்கும்போது ஒரு வடிவம், ஊதியபின் ஒரு வடிவம், வெடித்தபின் எந்த வடிவம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அமெரிக்கச் சட்டம் பலூனை இந்தச் சோதனையிலிருந்து விலக்கி, எச்சரிக்கை அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஊதாத பலூனும் உடைந்த பலூனும் மூச்சடைப்பை உண்டாக்கும் என்பது அதன் சாரம். ஐரோப்பிய விதியும் அதே எட்டு வயதைத்தான் சொல்கிறது. இங்கே விற்கும் பல பாக்கெட்டுகளின் பின்பக்கத்திலும் இந்த வாசகம் பொடி எழுத்தில் இருக்கும். குற்றாலச் சாரல் சீசனில் குச்சியில் கட்டி விற்கிற பலூனில் ஏது வாசகம்?

எட்டு வயது ஏன் என்று கேட்கலாம். கைக்குழந்தையை விட்டால் அடுத்த ஆபத்து, தானே ஊத ஆசைப்படும் பிள்ளைக்குத்தான். ஊதுவதற்கு முன் மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும்; பலூனை வாயிலேயே வைத்துக்கொண்டு இழுத்தால் அது தொண்டைக்குள் போய்விடும். உடைந்த துண்டை உதட்டில் வைத்து உறிஞ்சி, குட்டி முட்டைபோலச் செய்து, முறுக்கி நெற்றியில் அடித்து உடைக்கும் விளையாட்டு நம் ஊரில் எல்லோரும் ஆடியதுதான். அதிலும் உறிஞ்சுவதுதான் வில்லங்கம். எட்டு வயதோடு ஆபத்து முடிந்துவிடுகிறது என்றும் எண்ண வேண்டாம். கர்நாடகத்தின் ஹளியால் வட்டத்தில் 2024 டிசம்பரில் பலூன் ஊதிக்கொண்டிருந்த 13 வயதுச் சிறுவன் தொண்டையில் பலூன் சிக்கி இறந்துபோனான்.

என்னைக் கேட்டால், நடக்கப் பழகும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த மிட்டாய் பலூனே வேண்டாம். மிட்டாயைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. மற்ற பலூன்களை முக்கால் அளவுக்கு மட்டும், பம்பில் ஊதி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். வெயில் படும் மொட்டை மாடி என்றால் இன்னும் குறைத்து ஊதுங்கள். சூட்டில் உள்ளே காற்று விரியும், வெயில் ரப்பரையும் நைந்துபோகச் செய்யும். ஒன்று வெடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் துண்டுகளைத் தேடுங்கள். முடிச்சுப் போட்ட வாய்ப்பகுதி கிடைத்துவிட்டது என்று நின்றுவிடாமல், கிடைத்ததையெல்லாம் தரையில் பரப்பிச் சேர்த்துப் பாருங்கள். ஊதாத இன்னொரு பலூனை அருகில் வைத்தால் எவ்வளவு குறைகிறது என்று கண்ணுக்கே தெரியும். விழா முடிந்ததும் வளைவை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். விடிவதற்குள் இரண்டு மூன்றாவது வெடித்திருக்கும், காலையில் முதலில் தரைக்கு வருவது தவழும் பிள்ளைதான். மினுமினுக்கும் பாலியெஸ்டர் தாள் பலூன் இப்படிச் சிதறுவதில்லை என்பதால் அது மேல். ஆனால் அதைக் கட்டிய நாடாவைப் பிள்ளையின் கழுத்துக்கு எட்டவிடாதீர்கள்.

“ஏலே, வாயில என்னல மெல்லுத?” என்று ஆச்சி அதட்டினால் பிள்ளை திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். அதட்டாமல் அருகே போய் வாங்கிவிடுங்கள்.

அடைத்துவிட்டால் சத்தமே இருக்காது. அழுகை வராது, இருமல் வராது, உதடு நீலம் பாரிக்கும். பலமாக இருமுகிற பிள்ளையை இருமவே விடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஒருவர் 108ஐ அழைக்கட்டும். இன்னொருவர் பிள்ளையை முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டட்டும். வரவில்லையா? பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். துண்டு வரும்வரை, அல்லது பிள்ளை நினைவிழக்கும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முன்கையில் குப்புறக் கிடத்தித் தட்டி, பிறகு மல்லாத்தி நெஞ்சில் அழுத்த வேண்டும். நினைவு தப்பினால் நெஞ்சழுத்தமும் செயற்கைச் சுவாசமும் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். ஈர ரப்பர் ஒட்டிக்கொள்வதால் இந்த முதலுதவிக்கு எல்லா நேரமும் மசிந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

துண்டு கீழே இறங்கி நுரையீரல் கிளையில் தங்கினால் பிள்ளை தேறிவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் இருமலும் இளைப்பும் விடாது. எக்ஸ்ரேயில் ரப்பர் தெரியாது. அதனால் மருத்துவமனையில் முதல் வார்த்தையாக, பிள்ளையின் வாயில் பலூன் துண்டு இருந்ததைச் சொல்லிவிடுங்கள்.