அறுபது நாள் கெடுவில் முதல் மாதம்

2023 ஜனவரி 20 அன்று, மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை கூகுள் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். சுமார் 12,000 பேர் வேலையை இழக்கிறார்கள் என்ற செய்தி அது. எச்-1பி விசாவில் அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு அந்தக் கடிதத்தில் மிக முக்கியமான வரி, நோட்டீஸ் காலமான குறைந்தது 60 நாளுக்குச் சம்பளம் உண்டு என்பதுதான்.

காரணம் இருக்கிறது. எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், அடுத்த வழியைத் தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. 2017 ஜனவரியில் அமலுக்கு வந்த விதி இது. ஐ-94 படிவத்தில் உள்ள தேதி அதற்கு முன்பே முடிந்தால் அவகாசமும் அத்தோடு முடிந்துவிடும். இந்த 60 நாளைப் பொதுவாகச் சம்பளம் கணக்கிடப்பட்ட கடைசி நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணுகிறார்கள். நோட்டீஸ் காலத்துக்குச் சம்பளம் வந்தால் கெடு தள்ளிப்போகும். மொத்தமாகக் கையில் தரும் செவரன்ஸ் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு நாளைக்கூடக் கூட்டித் தராது.

அதனால் முதல் நாளிலேயே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது, "பேரோலில் என் கடைசி நாள் எது?" என்ற கேள்விக்கான பதில். செவரன்ஸில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அந்தத் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். ஒப்புக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், ஐ-797 அனுமதிக் கடிதம், கிரீன் கார்டு வரிசையில் இருந்தால் ஐ-140 நகல் ஆகியவற்றையும் உடனே பத்திரப்படுத்த வேண்டும். அலுவலகக் கணக்கு முடக்கப்பட்ட பிறகு அவற்றைப் பெறுவது பெரும்பாடு.

இனி ஒரு கணக்கு. டல்லாஸில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கடைசி சம்பள நாள் 2026 மார்ச் 2 என்று வைத்துக்கொள்வோம். அறுபதாவது நாள் மே 1. அதற்குள் புதிய நிறுவனத்தின் விண்ணப்பம் குடியேற்றத் துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் தொழிலாளர் துறையிடம் எல்.சி.ஏ. என்ற சான்று வாங்க வேண்டும். அதற்கே ஏழு வேலை நாள் பிடிக்கும். வழக்கறிஞர் கோப்பைத் தயாரிக்க ஒரு வாரம் ஒதுக்கினால், ஏப்ரல் 10 வாக்கில் வேலை உத்தரவு கையில் இருந்தாக வேண்டும். நான்கு சுற்று இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் என்று வைத்தால், முதல் சுற்று மார்ச் 20-க்குள் நடந்திருக்க வேண்டும். 60 நாள் என்று சொன்னாலும், உண்மையில் வேலை தேடக் கிடைப்பது முதல் மாதமும் அதற்கு மேல் ஒரு வாரமும்தான்.

அந்த மாதத்தில் நூறு இடங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ரெஸ்யூமே அனுப்புவது வீண். எந்த நிறுவனம் எந்த ஊரில், எந்தப் பதவிக்கு, என்ன சம்பளத்துக்கு எல்.சி.ஏ. வாங்கியது என்பதை அமெரிக்கத் தொழிலாளர் துறையே வெளியிடுகிறது. ஏற்கெனவே எச்-1பி எடுத்த நிறுவனங்களை அதில் பொறுக்கி, அங்கே வேலை பார்க்கும் பழைய சகாக்கள் மூலம் நுழைவதுதான் வேகமான வழி. ரெக்ரூட்டரின் முதல் போனிலேயே கெடு தேதியைச் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே குலுக்கலில் தேர்வாகி எச்-1பி பெற்றவருக்கு மறுபடி குலுக்கல் கிடையாது, விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததுமே வேலையில் சேரலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், தயங்கும் நிறுவனமும் யோசிக்கும்.

மார்ச் கடைசியில் ஒரு சோதனை நாள் வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு ஒரு நிறுவனத்திலாவது கடைசிச் சுற்று வரை போயிருக்காவிட்டால், மாற்று ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். கணவனோ மனைவியோ எச்-1பியில் இருந்தால் எச்-4 விசாவுக்கு மாறலாம். இல்லையென்றால் பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை நாட்டில் தங்கலாம், வேலை செய்ய முடியாது. கெடு தாண்டி வரும் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கும் அனுமதி கிடைத்த பிறகே வேலையில் சேர முடியும்.

இந்தப் பதற்றத்தைக் காசாக்கும் கன்சல்டன்சிகள் உண்டு. பணம் கட்டினால் பேரோலில் பெயரை வைத்திருக்கிறோம், புராஜெக்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். வேலையே இல்லாமல் காகிதத்தில் ஓடும் பேரோல் மோசடி. கண்டுபிடிக்கப்பட்டால் பின்னாளில் விசாவும் கிரீன் கார்டும் மறுக்கப்படலாம்.

ஊரில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை போன செய்தி கேட்டதும், "பத்து நாள் வீட்டுக்கு வந்துட்டுப் போப்பா" என்று அழைக்கத் தோன்றும். அமெரிக்காவை விட்டுக் கிளம்பினால் மிச்ச நாட்கள் அத்தோடு போய்விடும். பழைய நிறுவனத்தின் எச்-1பியில் திரும்ப நுழையவும் முடியாது. புதிய வேலை உறுதியாகும்வரை தயவுசெய்து அழைக்காதீர்கள்.