ஆர்டர் 12,000, ஏற்றியது 12,240: பில் எத்தனைக்கு?

திருப்பூர் பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு 12,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வருகிறது. கப்பலுக்குப் போகும் எண்ணிக்கை சரியாக 12,000 ஆக அமைவது அபூர்வம். நூல் துணியாகும்போது ஒரு சேதம், சாயப்பட்டறையில் எடைக் குறைவு, தைக்கும்போது ஊசி ஓட்டை, பிரிண்ட் பிசகு என்று வழியெல்லாம் பீஸ்கள் கழியும். எவ்வளவு கழியும் என்பது வேலை முடிந்த பிறகுதான் தெரியும். அதனால் கட்டிங்கிலேயே 3 அல்லது 4 சதவீதம் கூடுதலாக வெட்டிக்கொள்வது வழக்கம்.

4 சதவீதம் கூட்டி 12,480 பீஸ் வெட்டியதாகக் கொள்ளலாம். வேலை நன்றாக நடந்து 240 மட்டும் கழிந்தால் கையில் 12,240 நிற்கும். ஒரு சாய லாட்டில் ஷேடு தவறி 900 கழிந்தால் 11,580 தான் மிஞ்சும். மிகுதியாக நிற்கும் 240 பீஸிலும் பையரின் லேபிள் தைக்கப்பட்டிருக்கும். வேறு யாருக்கும் விற்க முடியாது. பையரோ 12,000-க்குத்தான் கடையில் இடமும் பணமும் ஒதுக்கியிருப்பார். இந்த இழுபறியை ஆர்டர் எடுக்கும் நாளிலேயே தீர்த்துவைப்பதுதான் அளவு டாலரன்ஸ் என்ற ஷரத்து.

அது இல்லாவிட்டால் நிலைமை விற்பவருக்குக் கடுமையானது. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி, குறைவாக வந்த சரக்கை வாங்குபவர் முழுவதுமாகத் திருப்பிவிடலாம்; ஏற்றுக்கொண்டால் வந்த அளவுக்கு ஒப்பந்த விலை தர வேண்டும். கூடுதலாக வந்தாலும் ஒப்பந்த அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மறுக்கலாம், அல்லது மொத்தத்தையும் மறுக்கலாம். இருவருக்கும் தனி உடன்பாடோ தொழில் வழக்கமோ இருந்தால் அதுவே முன்னிற்கும் என்று அதே பிரிவு சொல்கிறது. வழக்கம் இருந்ததை நிரூபிப்பது பெரும்பாடு. பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி எழுதிவிடுவது எளிது.

அந்த வரியில் “3 சதவீதம் கூட அல்லது குறைய” என்று மட்டும் இருந்தால் போதாது. எதில் 3 சதவீதம் என்பது முதல் கேள்வி. வெள்ளை, நேவி, கறுப்பு ஒவ்வொன்றிலும் 4,000 வேண்டும் என்று ஆர்டர் இருக்கிறது. கறுப்புத் துணி போதாமல் போக, தொழிற்சாலை வெள்ளையிலும் நேவியிலும் 4,200 தைத்து, கறுப்பில் 3,600 அனுப்புகிறது. கூட்டினால் சரியாக 12,000. ஆனால் கடையில் கறுப்பு 10 சதவீதம் குறைவு. மொத்தத்தை மட்டும் பார்க்கும் ஷரத்தின்படி இதில் தவறே இல்லை. பையருக்கோ இது வேறு சரக்கு. ஆகவே மொத்தத்துக்கு 3 சதவீதம், ஒவ்வொரு நிறத்துக்கும் சைஸுக்கும் 5 சதவீதம் என்று இரண்டு வரம்புகள் வைப்பதே முறையானது. மொத்த வரம்பு அப்போது 11,640 முதல் 12,360 வரை. ஒரு நிறத்துக்கு 3,800 முதல் 4,200 வரை. சதவீதத்தோடு இந்த எண்களையும் ஆர்டரிலேயே எழுதிவிட்டால் பின்னால் கணக்கு போட்டு வாதாட வேண்டியதில்லை.

அடுத்தது பில். வரம்புக்குள் இருக்கும்வரை, உண்மையில் ஏற்றிய எண்ணிக்கைக்கு, ஒப்பந்த விலையில் இன்வாய்ஸ் என்பது பொது முறை. பீஸ் 4 டாலர் என்றால் 12,240-க்கு 48,960 டாலர். 11,700 ஏற்றினால் 46,800. கேட்பதற்கு எளிதான இந்த விதியை எழுதாமல் விட்டால் இரண்டு இடங்களில் சிக்கும். “12,000-க்குக் கீழே போனால் பீஸ் விலை 4.20” என்று அளவுக்கேற்ற விலை பேசியிருந்தால், 11,700 ஏற்றிய தொழிற்சாலை 4.20 கேட்க முடியுமா? முடியாது என்று எழுதியிருக்க வேண்டும். குறைந்தது பையரால் அல்ல. இன்னொன்று, பிரிண்டிங் ஸ்க்ரீன் செலவுபோல் ஒருமுறை மட்டும் ஆகும் தொகை. அது பீஸ் விலையில் சேராமல் தனி வரியாக இருந்தால், எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் மாறக்கூடாது.

வரம்பைத் தாண்டினால் என்ன என்பதைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. 12,360-க்கு மேல் தேறிய பீஸை எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஏற்றக்கூடாது. மீறி ஏற்றினால் பையர் அதற்குப் பணம் தரத் தேவையில்லை, அல்லது பேசிவைத்த தள்ளுபடி விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 11,580 ஏற்றும் நிலை வந்தால் கீழ்வரம்புக்கு 60 பீஸ் குறைகிறது. ஏற்றியதற்கு மட்டும் பில் போட்டு அந்த 60-ஐக் கைவிடுவதா, தொழிற்சாலை தன் செலவில் தைத்து விமானத்தில் அனுப்புவதா? 60 பீஸுக்கு விமானக் கூலி கொடுப்பது சரக்கின் விலையையே விழுங்கக்கூடும் என்பதால், கைவிடுவதே இருவருக்கும் மலிவு. குறைவு பெரிதாக இருந்தால்தான் மறு உற்பத்தி பொருளுள்ளதாகும்.

பணம் எல்.சி. வழியாக வந்தால் இன்னொரு கண்ணி உண்டு. உலகெங்கும் வங்கிகள் பின்பற்றும் யூ.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ளன. அதன் 30-ஆம் பிரிவு அளவில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இயல்பாகவே அனுமதிக்கிறது என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அந்தச் சலுகை கிலோ, மீட்டர் போன்ற அளவுகளுக்குத்தான். பெட்டியாகவோ பீஸாகவோ எண்ணிச் சொன்ன சரக்குக்குக் கிடையாது. 5,000 கிலோ துணி ஏற்றுமதி செய்பவர் 5,200 கிலோ அனுப்பலாம். அப்போதும் எடுக்கும் தொகை எல்.சி. தொகையைத் தாண்டக்கூடாது. அதே துணியை டி-ஷர்ட்டாகத் தைத்து அனுப்புபவருக்கு ஒரு பீஸ் கூடுதலும் பிழைதான். பர்ச்சேஸ் ஆர்டரில் 3 சதவீதம் எழுதியிருப்பதும் இங்கே உதவாது. வங்கி எல்.சி.யையும் ஆவணங்களையும் மட்டுமே பார்க்கும். அதற்குப் பின்னாலுள்ள ஒப்பந்தத்தைப் பார்க்காது.

எனவே எல்.சி.யில் டாலரன்ஸ் இரண்டு இடத்தில் ஏற வேண்டும். ஒன்று, சரக்கு விவரம் வரும் 45A கட்டத்தில் அளவுக்கு. மற்றது, 39A கட்டத்தில் தொகைக்கு. 3/3 என்று அங்கே இருந்தால்தான் 48,000 டாலர் எல்.சி.யில் 48,960 எடுக்க முடியும். அளவுக்கு மட்டும் தளர்வு கொடுத்துத் தொகையை மறந்த எல்.சி.யில், கூடுதல் 960 டாலர் தொங்கலில் நிற்கும். அத்தகைய இன்வாய்ஸை வங்கி ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம்; ஏற்றாலும் 48,000-க்கு மேல் தராது. குறைவாக ஏற்றும்போது கவனிக்க வேண்டியது பகுதி ஷிப்மென்ட் கட்டம். தடை இல்லாவிட்டால் குறைந்த எண்ணிக்கைக்கும் பில் செல்லும். தடை இருந்து, அளவுக்குத் தளர்வும் இல்லாவிட்டால் குறைந்த ஒவ்வொரு பீஸும் ஆவணப் பிழை. எல்.சி.யின் நகல் கைக்கு வந்த அன்றே இந்தக் கட்டங்களைப் பார்த்துத் திருத்தம் கேட்டுவிட வேண்டும். பேக்கிங் முடிந்து எண்ணிக்கை தெரிந்த பிறகு கேட்டால், திருத்தம் வருவதற்குள் கப்பல் போய்விடும்.