பாக்கெட்டில் 8 சதவீதம், வயிற்றில் எவ்வளவு?

மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு கட்டம் இருக்கும். இடப்பக்கம் எரிசக்தி, கொழுப்பு, சர்க்கரை, சோடியம் என்று வரிசையாகப் பெயர்கள். அடுத்து 100 கிராமுக்கு எவ்வளவு என்ற எண்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஆர்.டி.ஏ. சதவீதம்’. அமெரிக்கப் பாக்கெட்டுகளில் இதையே ‘டெய்லி வேல்யூ’ என்று போடுவார்கள். சோடியத்துக்கு நேரே 8 என்று இருந்தால், பெரும்பாலானவர்கள் ‘எட்டுதானே’ என்று பாக்கெட்டைப் பிரித்துவிடுவார்கள். எதில் எட்டு, எவ்வளவு தின்றால் எட்டு என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அதே கட்டத்தில்தான் இருக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தன் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளில், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவரை அளவுகோலாக வைத்திருக்கிறது. அவருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம். அந்த 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. இவை எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்குகள் அல்ல, தாண்டக்கூடாத வரம்புகள். அமெரிக்க லேபிளில் நார்ச்சத்து, கால்சியம் போன்றவற்றுக்கும் சதவீதம் இருக்கும். அங்கே 100-ஐ நெருங்குவது நல்லது. சோடியத்தில் கதை நேர்மாறு. அதனால் கூட்டும்போது சோடியத்தோடு சோடியத்தை மட்டுமே கூட்ட வேண்டும். சர்க்கரையின் 10-ஐயும் உப்பின் 10-ஐயும் சேர்த்து 20 என்பது பொருளில்லாத கணக்கு.

தடுக்கி விழுவது இரண்டாம் கேள்வியில்தான். 100 கிராமுக்கு இவ்வளவு என்று மில்லிகிராம் கணக்கு இருக்க, சதவீதம் மட்டும் ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று இருக்கும். ஒரு பரிமாறல் எத்தனை கிராம் என்பதை நம் நாட்டில் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். மிக்சருக்கு 20 கிராம் என்று அவர் எழுதலாம். டீயோடு 20 கிராம் மிக்சரை மட்டும் எண்ணித் தின்று நிறுத்தும் மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு எடுத்தவை; உங்கள் பாக்கெட்டில் கூடக் குறைய இருக்கும். அலுவலகம் போகும் ஒருவர் காலையில் நான்கு துண்டு பிரெட் சாப்பிடுகிறார். லேபிள்படி 100 கிராமில் 500 மில்லிகிராம் சோடியம், ஒரு பரிமாறல் என்பது 25 கிராம் எடையுள்ள ஒரே துண்டு, அதற்கு 6 சதவீதம். மதியம் 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட் ஒன்று, முழுப் பாக்கெட்டுக்கும் 840 மில்லிகிராம், 42 சதவீதம். மாலையில் 20 கிராமுக்கு 8 சதவீதம் என்று போட்ட அந்த மிக்சர். இரவு சாப்பாட்டில் ஊறுகாய். லேபிளில் 5 கிராமுக்கு 13 சதவீதம். அச்சிட்ட நான்கு எண்களையும் அப்படியே கூட்டினால் 69 வரும். இன்னும் இடமிருக்கிறதே என்று தோன்றும்.

உண்மையில் வயிற்றுக்குள் போனதை வைத்துப் பார்த்தால் வேறு. பிரெட் நான்கு துண்டு 100 கிராம். 500 மில்லிகிராம், அதாவது 25 சதவீதம். நூடுல்ஸ் அதே 42. மிக்சர் மூன்று கைப்பிடி, சுமார் 60 கிராம். 8 இப்போது 24 ஆகிறது. ஊறுகாய் 5 கிராம் அல்ல, ஒரு ஸ்பூன் நிறைய 10 கிராம், 25 சதவீதம். மொத்தம் 116. குழம்பு, பொரியலில் போட்ட உப்பை இன்னும் தொடவே இல்லை.

இந்தக் கணக்குக்குச் சதவீதப் பத்தியே தேவையில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். சோடியத்தின் வரம்பு 2,000 என்பதால், சாப்பிட்ட மில்லிகிராமை 20-ஆல் வகுத்தால் சதவீதம் கிடைத்துவிடும். சமையலறைத் தராசில் ஒரே ஒரு முறை உங்கள் கைப்பிடி மிக்சரையும் உங்கள் ஊறுகாய் ஸ்பூனையும் நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் மனக்கணக்கு. அச்சிட்ட 6-ஐ நான்கால் பெருக்கினால் 24, சரியான விடை 25 என்று ஒன்றிரண்டு புள்ளி இடிக்கும். அது முழு எண்ணாக்கியதால் வருவது, பொருட்படுத்த வேண்டாம்.

நாக்கை நம்பி இந்தக் கணக்கைப் போட முடியாது. பிரெட் உப்புக் கரிப்பதில்லை, ஆனால் மாவில் உப்பு உண்டு. பிஸ்கெட்டிலும் கேக்கிலும் சோடா உப்பு வழியாகச் சோடியம் வருகிறது. அஜினமோட்டோவிலும் சோடியம் இருக்கிறது. நூடுல்ஸ் மசாலாவில் பாதியைக் கொட்டிவிட்டால் 42 கண்டிப்பாக இறங்கும், எவ்வளவு என்பதை லேபிளிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

வீட்டு உப்புக்கு லேபிள் இல்லை, ஆனால் வழி இருக்கிறது. உப்புப் பாக்கெட் பிரித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பெரியவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ 40 நாள் வந்தால், நாளுக்கு 25 கிராம், தலைக்கு 6 கிராமுக்கு மேல். வரம்பான 5 கிராமில் இது 125 சதவீதம். கழுவிக் கொட்டுவது, வீட்டிலேயே ஊறுகாய் போடுவது எல்லாம் இதில் கலந்திருப்பதால் துல்லியம் கிடையாது. ஆனால் பாதியை மட்டும் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்தாலும், நம் அலுவலக மனிதரின் 116 சுமார் 180-க்கு எகிறிவிடுகிறது. குறைக்க நினைத்தால் எங்கே கை வைக்கலாம் என்பதும் இதிலேயே தெரிகிறது: நூடுல்ஸை மட்டும் நிறுத்தினால் 42 போகிறது, பிரெட்டை இரண்டு துண்டாக்கினால் 12தான் போகும்.

கட்டமே இல்லாத பண்டங்களும் உண்டு. பலகாரக் கடையில் நிறுத்துத் தரும் காராசேவு அப்படி. மிகச் சின்ன உறைகளுக்கும், அவற்றின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால், ஊட்டச்சத்து விவரம் அச்சிடுவதிலிருந்து விலக்கு உண்டு. அதே பண்டத்தின் பெரிய பாக்கெட்டைப் பார்த்து 100 கிராம் கணக்கை எடுத்துக்கொள்வதே வழி.

வெளிநாட்டுப் பாக்கெட் வந்தால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் சோடியத்துக்கு வைத்த அளவு 2,300 மில்லிகிராம். அதே 840 மில்லிகிராம் அங்கே 37 சதவீதம், இங்கே 42. அதனால் இரண்டு நாட்டுச் சதவீதங்களைச் சேர்த்துக் கூட்டாதீர்கள், மில்லிகிராமுக்கு வந்துவிடுங்கள். அந்த நாட்டு எஃப்.டி.ஏ. சொல்லும் ஒரு சுருக்கு வழி மட்டும் இங்கேயும் கை கொடுக்கும்: ஒரு பரிமாறலில் 5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் குறைவு, 20-ஐத் தொட்டால் அதிகம். பரிமாறலின் அளவை முதலில் பார்த்துவிட்டால்தான் இதற்கும் மதிப்பு.

சிறுநீரக நோயாளிகளுக்கும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும் மருத்துவர் வேறு வரம்பு சொல்லியிருந்தால், அந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும். குழந்தைகள் விஷயமும் அப்படியே. பெரியவர்களின் உப்பு வரம்பை, குழந்தைக்குத் தேவையான கலோரிக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளுக்குச் சுமார் 1,350 கலோரி என்று வைத்தால், சோடியமும் அதே விகிதத்தில் 1,350 மில்லிகிராமுக்குள். பள்ளி விட்டு வந்து அந்த நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிள்ளை முழுதாகச் சாப்பிட்டால் 62 சதவீதம் தீர்ந்தது. பாக்கெட்டில் இருப்பதென்னவோ 42தான்.